பார்த்தீர்களா என்று கேட்காமல்

விடுப்பு, பயணச் செலவு என்று மேனேஜரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது நமக்குப் பழக்கம்தான். தாமதமானால் எரிச்சல் வரும், அவ்வளவே. எச்1பி நீட்டிப்புக்கான ஒப்புதல் அப்படியல்ல. ஐ-94இல் அச்சான தேதி யாருக்காகவும் நகராது. அந்தப் பயம் நாம் எழுதும் ரிமைண்டருக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு 2025 செப்டம்பர் 30 அன்று ஐ-94 முடியவிருந்தது. மேனேஜர் டெக்சாஸில், டாலஸை ஒட்டிய பிளேனோவில். வக்கீல் அனுப்பிய வேலை விவரத்தை அவர் படித்துச் சரி என்று சொன்னால்தான் அடுத்த காரியம் நடக்கும். ஆகஸ்ட் நடுவில் நண்பர் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தார். முதலாவது, "பார்த்தீர்களா?" அடுத்தது, "இரண்டாம் முறை நினைவூட்டுகிறேன்." மூன்றாவதில் எச்.ஆரையும் வைஸ் பிரெசிடென்டையும் சேர்த்துக்கொண்டு, "மிக அவசரம், தாமதமானால் நான் நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கும்." நான்காவதை எழுதும்போது என்னிடம் காட்டினார். "இன்னும் கொஞ்சம் காரமா எழுதணும்ணா" என்றார்.

மூன்றையும் படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்பது எதிலுமே இல்லை. வக்கீலின் மின்னஞ்சலை மேனேஜர்தான் தேடி எடுக்க வேண்டும். எத்தனை பக்கம், எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே செல்போனில் பார்ப்பவர் "ராத்திரி பார்க்கலாம்" என்று ஒதுக்கத்தான் செய்வார். நாட்டைவிட்டுப் போவதும் மிகை. முப்பதாம் தேதிக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறையின் கைக்குப் போய்விட்டால், முடிவு வரும்வரை அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். எச்.ஆருக்கு இது தெரியும். மிரட்டலாகத்தான் படிப்பார்கள்.

முதலில் தேதியைப் பின்னாலிருந்து எண்ணினோம். விண்ணப்பத்துக்கு முன் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ வாங்க வேண்டும். அதற்கு 7 வேலை நாட்கள். ஆகஸ்ட் 25 திங்களன்று கொடுத்தால், நடுவில் செப்டம்பர் 1 தொழிலாளர் தின விடுமுறையும் போக, செப்டம்பர் 4இல் கைக்கு வரும். பிறகு கையெழுத்து, கூரியர், ஏதாவது பிழை திருத்தம். ஆகவே மேனேஜரின் ஒப்புதல் ஆகஸ்ட் 22 வெள்ளிக்குள் வேண்டும். "அவசரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த நாளையும் காரணத்தையும் வைத்தோம். அவசரம் என்பது நம்முடைய அவசரம். தேதியோ அவருடைய காலண்டரில் ஏறிவிடும்.

புதிய மின்னஞ்சல், தமிழில் சொன்னால், இப்படி:

தலைப்பு: ஆகஸ்ட் 22க்குள் உங்கள் ஒப்புதல் தேவை – எச்1பி வேலை விவரம், 2 பக்கம்

"வக்கீல் அனுப்பிய வேலை விவரத்தை மறுபடி இணைத்திருக்கிறேன். படிக்கப் பத்து நிமிடம் போதும். சரியாக இருந்தால் 'சரி' என்று இதற்கே பதில் அனுப்புங்கள், வக்கீலுக்கு நான் அனுப்பிவிடுகிறேன். எல்சிஏவுக்கு 7 வேலை நாட்கள் ஆகும் என்பதால் 22ஆம் தேதி கேட்கிறேன். எந்த வரியாவது இடித்தால் அதை மட்டும் சொல்லுங்கள், வக்கீலிடம் கேட்டு வருகிறேன்."

வைஸ் பிரெசிடென்டை நீக்கினோம். மேலிடத்தைச் சேர்ப்பது கடைசிப் படி. அதையும் மேனேஜரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. "பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று முடிக்கலாமா என்று நண்பர் கேட்டார். மீட்டிங் நேரத்தை மாற்றுவதற்கு அந்த வரி செல்லும். நிறுவனம் கையெழுத்திட்டு அரசுக்குக் கொடுக்கும் தாளுக்குச் செல்லாது.

பிளேனோவுக்கும் எடிசனுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், காலையில் அனுப்பினாலே போதும். மேனேஜர் சான் ஹோசேயில் இருந்தால் எடிசனின் காலை ஒன்பது மணி அவருக்கு ஆறு மணி. அவர் எழுந்து பார்ப்பதற்குள் மேலே இருபது மின்னஞ்சல்கள் ஏறியிருக்கும்.

அன்று மதியமே பதில் வந்தது, "சரி" என்றல்ல. "வேலையிடம் என்று அலுவலக முகவரி மட்டும் இருக்கிறது. நீ வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதானே வேலை செய்கிறாய்? இதற்கு எப்படிச் சரி சொல்வது?" மனிதர் சோம்பேறித்தனத்தால் மௌனமாக இருக்கவில்லை. எல்சிஏவில் வேலையிடம் தவறாக இருந்தால் பின்னால் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டிருக்கிறார். "பார்த்தீர்களா" என்ற கேள்விக்கு அவரிடம் "பார்த்தேன்" என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. புதிய மின்னஞ்சலின் கடைசி வரிதான் அவர் வாயைத் திறந்தது.

வக்கீல் எடிசன் வீட்டு முகவரியையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். வியாழக்கிழமை ஒப்புதல் வந்தது. வைஸ் பிரெசிடென்டிடமிருந்து அந்த மூன்றாவது மின்னஞ்சலுக்கு அடுத்த வாரம் ஒரு வரி வந்தது: இதில் நான் செய்ய வேண்டியது என்ன?