மாப்பிள்ளையின் பழைய காரும் ஒரு நோட்டீஸும்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், புரட்டாசி பிறந்த சமயம். காங்கேயத்திலிருந்து தங்கச்சி போன் செய்தாள். "அண்ணா, அவருக்கு ஜி.எஸ்.டி.யிலிருந்து ஏதோ நோட்டீஸ் வந்திருக்குதாம். ரெண்டு நாளா சரியா சாப்பிடறதில்லை. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றாள். நான் நூற்பாலையில் முப்பத்தி நாலு வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு சொந்தக்காரர்களுக்கு நான் இலவச ஆடிட்டர். மறுநாள் காலை பஸ் பிடித்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சின்ன தேங்காய் எண்ணெய் மில். 2016 ஜூனில் ஒரு டீசல் கார் வாங்கினார். ஆறரை வருஷம் ஓட்டிவிட்டு 2022 டிசம்பரில் அதை 2,75,000 ரூபாய்க்கு விற்றார். இரண்டு வருஷம் கழித்து வந்த நோட்டீஸில் இருந்தது இவ்வளவுதான். உங்கள் 2022-23 கணக்கில் வாகனம் விற்ற தொகை 2,75,000 இருக்கிறது, உங்கள் மாதாந்தர ரிட்டர்னில் அது இல்லை, ஆகவே 28 சதவீதம் வரியாக 77,000 ரூபாயும் அதற்கு வட்டியும் ஏன் கட்டக்கூடாது? வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம். விரல் விட்டுக் கணக்குப் போட்டதில் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தொட்டது. கார் விற்றதே இரண்டே முக்கால் லட்சத்துக்கு!

ASMT-10 என்ற படிவத்தில் வரும் இந்த நோட்டீஸ் வரி விதிக்கும் உத்தரவு அல்ல. உங்கள் கணக்கில் ஒரு வித்தியாசம் தெரிகிறது, விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்பது. பதில் சொல்ல முப்பது நாள் வரை தருவார்கள். ஆனால் அது தபாலில் வராது. இணையதளத்தில் ஏற்றி, ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள். அந்த மின்னஞ்சல் முகவரி ஆடிட்டர் ஆபீசுடையது. அங்கே யாரோ ஒரு பையன் பார்த்துச் சொல்வதற்குள் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. ஆடிட்டரும், "சண்டை எதுக்குங்க, கட்டிட்டா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டாராம். கட்டப்போவது அவர் பணமா என்ன?

மாப்பிள்ளைக்கு வேறு ஒரு யோசனை இருந்தது. "மச்சான், இது நம்ம வீட்டு வண்டி. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போன வண்டி. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காரை வித்தேன், வியாபாரமில்லைன்னு எழுதிக் குடுத்துடலாமா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வியாபாரக் கணக்கில் சேராத சொந்தக் காரை விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தக் காரை அவர் மில் கணக்கில் வாங்கியிருக்கிறார். ஆறு வருஷம் வருமான வரிக் கணக்கில் அதற்குத் தேய்மானம் கழித்து வரியைக் குறைத்திருக்கிறார். அங்கே வியாபார வண்டி, இங்கே வீட்டு வண்டி என்றால் இரண்டு இலாகாவும் ஒரு நாள் பேசிக்கொள்ளும்போது என்ன ஆகும்? "அப்படி எழுதறதா இருந்தா நான் இப்பவே பஸ் ஏறிடறேன் மாப்ளே" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. தங்கச்சி காபி கொண்டுவந்து வைத்து நிலைமையைச் சமாளித்தாள்.

வேடிக்கை என்னவென்றால், எந்தத் தேய்மானத்தை மறைக்க அவர் நினைத்தாரோ அதுதான் அவரைக் காப்பாற்றப் போகிறது.

25.1.2018 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. எண் 8/2018, மத்திய வரி (விகிதம்). மாநில வரிக்கும் அதே மாதிரி உண்டு. பழைய வாகனத்தை விற்கும்போது முழு விலைக்கும் வரி வேண்டாம், அதில் கிடைக்கும் ஆதாயத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்பது அதன் சாரம். ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவர் அந்த வண்டிக்கு வருமான வரிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் தேய்மானம் கழித்திருந்தால், விற்ற விலையிலிருந்து தேய்மானம் போக மீதி மதிப்பைக் கழிக்க வேண்டும். வருவதுதான் ஆதாயம். அது மைனஸில் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரே நிபந்தனை, வண்டி வாங்கியபோது கட்டிய வரியை வரவு எடுத்திருக்கக் கூடாது.

ஆதாயம் வந்திருந்தாலும் 28 சதவீதம் இல்லை. நாலு மீட்டருக்குள் அடங்கிய அந்தச் சின்ன காருக்கு அப்போது 12 சதவீதம்தான். பத்தாயிரம் ஆதாயம் என்றால் 1,200 ரூபாய் வரி.

இனி கணக்கு. வாங்கிய விலை எவ்வளவு என்று கேட்டேன். "ஒம்பது லட்சம் மச்சான்" என்றார் உடனே. காகிதம் கேட்டேன். காரோடு போய்விட்டது என்றார். ஆர்.சி. புத்தகத்தில் தேதி இருக்கும், விலை இருக்காது. விற்ற ஷோரூமோ மூடிக் கிடக்கிறது. கடைசியில் தங்கச்சிக்குத்தான் ஞாபகம் வந்தது, "பேங்க்லதானே லோன் போட்டோம்?" என்றாள். வாகனக் கடன் கொடுக்கும் வங்கி, இன்வாய்ஸ் நகலை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கும். கடன் முடிந்து வருஷமாகியிருந்தாலும் அந்தக் கோப்பு கிளையில் இருந்தது. இன்வாய்ஸ் 8,15,000. சாலை வரி, பதிவுச் செலவு 85,000. மொத்தம் 9,00,000. முதல் வருஷ இன்சூரன்ஸை இதில் சேர்க்கக் கூடாது, அது அந்த வருஷச் செலவு. நல்ல வேளையாக கணக்குப்பிள்ளை அதைத் தனியாகவே எழுதியிருந்தார்.

காருக்குத் தேய்மானம் 15 சதவீதம், ஒவ்வொரு வருஷமும் மீதி மதிப்பின் மேல். ஜூனில் வாங்கி 180 நாளுக்கு மேல் ஓடியதால் முதல் வருஷமே முழுத் தேய்மானம் 1,35,000. மீதி 7,65,000. அடுத்த வருஷம் 1,14,750 போக மீதி 6,50,250. இப்படியே இறங்கி, ஆறாவது வருஷ முடிவில், அதாவது 31.3.2022 அன்று, 3,39,435 ரூபாய் நின்றது. விற்றது 2,75,000. ஆதாயம் எங்கே? 64,435 ரூபாய் குறைவாக அல்லவா விற்றிருக்கிறார்!

இத்தோடு முடிந்திருந்தால் மத்தியானமே ஊர் திரும்பியிருப்பேன். சிக்கல் வேறு இடத்தில். வருமான வரி ரிட்டர்னில் காருக்கென்று தனி வரி கிடையாது. ஒரே தேய்மான விகிதம் உள்ள சொத்துகளை ஒரே தொகுதியாகப் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளையின் 15 சதவீதத் தொகுதியில் செக்கு, ஃபில்டர், மோட்டார், எடை மெஷின் எல்லாவற்றோடும் கார் கலந்து கிடக்கிறது. நான் நோட்டுப் புத்தகத்தில் போட்ட 3,39,435-ஐ அதிகாரி எதை வைத்து நம்புவார்?

இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் விகிதம் ஒன்றே என்பதால், ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியே தேய்மானம் போட்டுக் கூட்டினால் தொகுதியின் மொத்தத் தேய்மானம் வந்தாக வேண்டும். 2016-17-க்கு முன்பிருந்த இருப்பு ஒரு வரி, கார் ஒரு வரி, பிறகு வாங்கியவை வருஷவாரியாக. மூன்று வருஷம் கச்சிதமாக ஒத்து வந்தது. 2019-20-இல் வித்தியாசம் விழுந்தது. கண் எரிய எரிய இரவு பதினோரு மணி வரை பார்த்தேன். அந்த வருஷம் ஜனவரியில் வாங்கிய ஒரு மோட்டாருக்கு நான் முழுத் தேய்மானம் போட்டிருந்தேன். 180 நாள் ஓடாததற்குப் பாதிதான். திருத்தியதும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்தது. மில்லில் வேலை பார்த்த நாட்களில் டிரையல் பேலன்ஸ் ஒத்துவந்தால் கேன்டீனில் ஒரு டீ கூடுதலாகக் குடிப்போம். அன்றும் தங்கச்சியை எழுப்பலாமா என்று யோசித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

பதில் ஒன்றரைப் பக்கம்தான். விற்றதை ஒப்புக்கொண்டு, அறிவிக்கையின் எண்ணைச் சொல்லி, கணக்கைக் காட்டினோம். இணைப்பாக இன்வாய்ஸ் நகல், ஏழு வருஷ ரிட்டர்ன்களின் தேய்மான அட்டவணை, தொகுதியோடு ஒத்துப் பார்த்த தாள், பணம் வங்கியில் வரவான பக்கம், பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த 29, 30 படிவங்களின் நகல். கார் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு வாங்கியது, வாட் வரியை வரவு எடுக்கவில்லை என்று ஓர் உறுதிமொழி. ASMT-11-இல் ஏற்றியபோது கெடு முடிய நாலு நாள் பாக்கி.

பத்து நாள் கழித்து நேரில் வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்பினார். அதிகாரி இளம்பெண், என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தாள்களை நிதானமாகப் படித்துவிட்டு, "விற்ற வருஷத்துக்குத் தேய்மானம் கழிக்கலையே சார்? டிசம்பர் வரைக்கும் ஓட்டியிருக்காரே?" என்றார்.

சரியான கேள்வி. வருமான வரியில், வருஷத்துக்குள் விற்ற சொத்துக்கு அந்த வருஷம் தேய்மானம் கிடையாது, விற்ற தொகையைத் தொகுதியிலிருந்து கழித்துவிடுவார்கள் என்று அட்டவணையைக் காட்டினேன். "அப்படியே நீங்க முழு வருஷத்துக்கும் 15 சதவீதம் கழிச்சாலும் 2,88,520 வருதுங்கம்மா. அப்பவும் வித்த விலை அதுக்குக் கீழேதான்" என்றேன். அவர் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துக்கொண்டார். நாலு லட்சத்துக்கு விற்றிருந்தால் இந்தக் கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நிஜமாகவே ஆதாயம் வந்திருக்கும், 12 சதவீதம் கட்டியிருக்க வேண்டியதுதான்.

அடுத்த மாதம் ASMT-12 வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, மேல்நடவடிக்கை இல்லை. இந்த முறை மின்னஞ்சல் மாப்பிள்ளையின் போனுக்கே வந்தது. நான் முதல் வேலையாக மாற்றச் சொன்னது அதைத்தான்.

16.1.2025 முதல் வண்டியின் அளவு எதுவானாலும், மின்சார வண்டியானாலும், இந்த வரி 18 சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆதாயத்துக்கு மட்டும் என்பது மாறவில்லை. பதிவு செய்யாத நம்மைப் போன்றவர்கள் நம்முடைய பழைய வண்டியை விற்றால் இது எதுவும் கிடையாது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை புதுக் காரின் இன்வாய்ஸை லேமினேஷன் போட்டு சாமி அறையில் மாட்டியிருந்தார். எழுத்து மங்காமல் இருக்கும் என்றார். நகல் ஒன்று தங்கச்சியின் பீரோவிலும் இருக்கிறதாம்.