ஒரே வரி, பதினேழு பேப்பர்

செமஸ்டருக்கு முன்னாடி ஜூனியர்களுக்கு ஹாஸ்டல்ல உட்கார்ந்து மெஷின்ஸ் சொல்லிக்கொடுப்பது எங்க டிரிபிள் ஈ பசங்களோட வழக்கம். இந்த முறை நான் ஒரு குட்டி டெஸ்ட் வைத்தேன். அதில் ஒரு கேள்வி: “டிரான்ஸ்ஃபார்மர் கோரை ஏன் மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள்?” எழுதியது 24 பேர். அதில் 17 பேப்பரில் ‘எடி கரண்ட் லாஸைக் குறைக்க’ என்று தொடங்கும் அதே இங்கிலீஷ் வரி, கமா முதற்கொண்டு.

இது மனப்பாடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வரி ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ஓம் விதியை யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதைவிட உறுதியான தடயம் இரண்டு உண்டு. முதலாவது, வரியோடு ஒட்டிக்கொண்டு வரும் மிச்சம். நாலு பேர் “படத்தில் காட்டியுள்ளபடி” என்று எழுதியிருந்தார்கள்; பேப்பரில் படமே இல்லை. இரண்டாவது, எல்லோருக்கும் பொதுவான தப்பு. கைமாறிக்கொண்டிருந்த ஒரு ஜெராக்ஸ் நோட்ஸில், தகடாக்கினால் ஹிஸ்டரிசிஸ் லாஸும் குறையும் என்று ஒரு தவறான வரி. அதைக் குறைப்பது ஸ்டீலின் தரம், அடுக்குவதால் குறையாது. அந்தத் தப்பு ஆறு பேப்பரில் அப்படியே இருந்தது. சரியான விடை ஆறு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றலாம். ஒரே தப்பு, அதே வார்த்தைகளில் தோன்றாது.

ஆனால் இந்தத் தடயங்கள் எல்லாம் வரி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். விஷயம் புரிந்ததா என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு கேள்வி வேண்டும்.

மறுநாள் அதே 24 பேரிடம் ஒரு நோட்டைக் காட்டிக் கேட்டேன். “இந்தத் தாள்கள்தான் தகடுகள். கோரில் ஃபிளக்ஸ், தாள்களுக்கு இணையாக ஓடுகிறது. அதே தகடுகளைத் திருப்பி அடுக்கி, ஊசி அட்டையைத் துளைப்பது மாதிரி ஃபிளக்ஸ் ஒவ்வொரு தாளையும் துளைத்துக்கொண்டு போகவைத்தால், எடி கரண்ட் லாஸ் என்ன ஆகும்? கரண்ட் சுற்றும் பாதையை வரைந்து காட்டு.”

எடி கரண்ட் ஃபிளக்ஸைச் சுற்றி, அதற்குச் செங்குத்தான தளத்தில் ஓடும். ஃபிளக்ஸ் தாளுக்கு இணையாகப் போகும்போது, கரண்ட் வட்டம் போட ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தாண்டியாக வேண்டும். நடுவில் இருக்கும் வார்னிஷ் தடுத்துவிடும். அதனால் வட்டம் ஒரு தாளின் தடிமனுக்குள்ளேயே ஒடுங்கிப் போகிறது. திருப்பி அடுக்கினால் வட்டம் தாளின் முழுப் பரப்பிலும் தாராளமாக ஓடும். வார்னிஷ் குறுக்கே வராது. தகடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் லாஸ் பெரிதாகவே இருக்கும்.

புதுசாக எந்தப் பாடமும் இதற்குத் தேவையில்லை. ஆனால் புத்தக வரியை இங்கே ஒட்டினால் விடை தப்பாகிவிடும். அந்தக் கேள்வியின் பலமே அதுதான். “லாமினேட் செய்ததால் லாஸ் குறையும்” என்று எழுதியவர்கள் பாதிக்கு மேல். முதல் நாள் புத்தக வரியை வார்த்தை மாற்றி ‘சொந்தமாக’ எழுதியிருந்த இரண்டு பேரும் அதில் அடக்கம்.

கமா தவறாமல் எழுதிய 17 பேரில், டிப்ளமோ முடித்து இரண்டாம் வருஷத்தில் சேர்ந்த ஒரு தம்பி இருந்தான். அவன் இரண்டு படமும் சரியாக வரைந்தான். அப்புறம் ஏன்டா புக்கு வரியையே எழுதினே என்று கேட்டேன். “இங்கிலீஷ்ல சொந்தமா எழுதினா தப்பாயிடும்ணா. புக்கு வரின்னா யாரும் மார்க்கைக் குறைக்க முடியாதுல்ல” என்றான். வார்த்தையை வைத்து மட்டும் பிடித்திருந்தால் அவன்தான் மாட்டியிருப்பான்; வார்த்தை மாற்றி எழுதிய இரண்டு பேரும் தப்பித்திருப்பார்கள்.

இப்படிக் கேள்வி அமைக்க நான் பின்பற்றுவது இதுதான். புத்தக வாக்கியம் எந்த நிபந்தனையில் உண்மையாகிறது என்று பார்த்து, அந்த நிபந்தனையில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். விளைவைக் கேட்பேன், கூடவே காரணத்துக்குப் படமும் கேட்பேன். கூடும், குறையும் என்பதைக் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். அதனால் அந்த நாலு மார்க்கில் விடைக்கு ஒன்று, படத்துக்கு மூன்று. கேள்வி நீளமானால் இங்கிலீஷைத்தான் சோதித்ததாக ஆகும். ஆகவே இரண்டு மூன்று வரிக்குள் முடிப்பேன், பதிலைத் தமிழில் சொன்னாலும் ஏற்பேன்.

இதற்கும் ஆயுள் ஒரு தடவைதான். அன்று ராத்திரியே ‘திருப்பினால் லாஸ் குறையாது’ என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. அடுத்த பேட்ச் அதையே மனப்பாடம் செய்துகொண்டு வரும். அவர்களுக்கு நான் வைத்திருப்பது இது: தகடு மெல்லியது, திசையும் சரி. ஆனால் ஓரப் பிசிறால் எல்லாத் தகடுகளும் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. லாஸ் கூடுமா? இரண்டு பக்க ஓரத்திலும் தொட்டால்? வரைந்து பாருங்கள்.