திங்கட்கிழமை இன்டர்வியூ, வெள்ளிக்கிழமை போன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். என் மேஜையிலிருந்து கேட் தெரியும். இன்டர்வியூ நாட்களில் பையன்கள் கையில் ஃபைலோடு செக்யூரிட்டியிடம் மன்றாடுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வந்து தோற்றவர்களைவிட, கேட்டிலேயே அரை மணி நேரம் நின்று வியர்த்துப்போய் வந்தவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

போன மாதம் என் தங்கை பேத்திக்கு ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு மெயில் வந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் சம்பளத்தை நம்பித்தான் தம்பியின் படிப்பு. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிக் கேட்டுக்கறேன் தாத்தா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை எடுப்பது செக்யூரிட்டி மட்டும்தான், அவருக்கு ஒன்றும் தெரியாது. பல ஆபீஸ்களில் சனிக்கிழமையும் லீவு. திங்கட்கிழமை இன்டர்வியூ என்றால் "முதல் நாள்" என்பது வெள்ளிக்கிழமைதான். அதிலும் பதினொரு மணிவாக்கில் கூப்பிட்டால் ஆள் சீட்டில் இருப்பார். அப்படியே கூப்பிடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் விலாசம். மெயிலின் அடியில் இருந்தது சென்னை விலாசம். அது பதிவு அலுவலகம்; இன்டர்வியூ அங்கே இல்லை. மேலே "ஓசூர் சிப்காட்" என்று மட்டும் போட்டிருந்தது. ஓசூரில் சிப்காட் ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. "சிப்காட் போகணும்" என்றால் ஆட்டோக்காரரே "ஒண்ணா, ரெண்டா?" என்பார். கேட்டதில், இவளுக்கு ஃபேஸ் இரண்டு. அங்கும் மெயின் கேட் லாரிகளுக்காம். ஆட்கள் பக்கத்து ரோட்டில் இருக்கும் இரண்டாவது கேட்டுக்கு வரவேண்டும். பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்பதையும் கேட்டுக்கொண்டாள்.

அடுத்து சான்றிதழ்கள். "எல்லா ஒரிஜினலும்" என்று மெயிலில் இருந்தது. இவளுடைய டி.சி. இன்னும் காலேஜில்தான் இருந்தது, கடைசித் தவணை பாக்கி. அதனால் போகவே தயங்கிக்கொண்டிருந்தாள். "டி.சி. ஜெராக்ஸ் மட்டும் இருக்கு சார், வரலாமா?" என்று நேரே கேட்கச் சொன்னேன். மார்க் ஷீட்டும் புரொவிஷனலும் ஒரிஜினல் இருந்தால் போதும், டி.சி. சேரும்போது கொடுத்தால் சரி என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே போன் செய்திருக்கலாம். ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், விட்டுவிட்டு வருவதற்கு ஜெராக்ஸ் ஒரு செட் போதும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

பெயரில் இன்னொரு சிக்கல் இருந்தது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். கேட்டில் இருப்பவர் லிஸ்டையும் ஆதாரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார். அவர் வேலை அது, குறை சொல்ல முடியாது. "கேட் லிஸ்டில் ஆதாரில் உள்ளபடி என் பெயரைப் போடுங்க சார்" என்று சொல்லி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

கடைசியாக, கேட்டில் யாரைக் கேட்பது? மெயில் அனுப்பியவர் திங்கட்கிழமை லீவாம். கேட்காமல் போயிருந்தால் அவர் பெயரைச் சொல்லி நின்றிருப்பாள். செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டு, "எடுக்கலம்மா, வெயிட் பண்ணு" என்றிருப்பார். அவருக்குப் பதில் வரும் மேடத்தின் பெயர், டிபார்ட்மெண்ட், இன்டர்காம் நம்பர் மூன்றையும் வாங்கினோம். வெறும் பெயர் போதாது. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

இதையெல்லாம் போனிலேயே சேமித்துக்கொண்டாள். நான் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதச் சொன்னேன். பல தொழிற்சாலைகளில் கேமரா இருக்கும் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு நம்பரும் இல்லை, டிஜிலாக்கரில் இருக்கும் ஆதாரும் இல்லை. அசல் ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் கைப்பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு உள்ளே போய்விட்டாள். போன் கேட்டில் இருந்ததாம். சீட்டைப் பார்த்துத்தான் மேடம் பெயரைச் சொன்னாளாம். அதே மெயில் வந்த இரண்டு பையன்கள் மெயின் கேட்டுக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு மேல் மூச்சு வாங்க வந்தார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.