அந்த முன்பணம் யாருடையது?

கிள்ளானில் நான் நடத்திவந்த கேட்டரிங் கடையை 2023 மே மாதம் மூடினேன். ஏழு வருடம் ஓடிய கடை. ருசி சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை, ஆர்டரும் வந்துகொண்டுதான் இருந்தது. மூடுவதற்கு முந்தைய மாதம்கூட நான்கு கல்யாணங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். அப்படியிருந்தும் கடை ஏன் கவிழ்ந்தது என்று பலர் கேட்டார்கள். எனக்கே அப்போது பதில் தெரியவில்லை.

பதிலைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அவள் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, பில், ரசீது எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். இரண்டாவது பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது.

"ஏங்க, இந்த மூவாயிரத்து முந்நூறு நம்ம காசா?"

முந்நூறு பேர் விருந்து, ஒரு தலைக்கு 22 வெள்ளி, மொத்தம் 6,600 வெள்ளி. பாதி முன்பணம், 3,300. கல்யாணம் நான்கு மாதம் கழித்து. ஆனால் பணம் கைக்கு வந்த வாரமே கடை வாடகைக்கும் சம்பளத்துக்கும் போய்விட்டது. கல்யாண வாரம் வந்தபோது இறைச்சி, அரிசி, காய்கறி, பரிமாற ஆள் என்று 4,300 தேவைப்பட்டது. வரவேண்டிய மீதி 3,300-தான், அதுவும் விருந்து முடிந்த பிறகு. அந்தப் பள்ளத்தை அடுத்த கல்யாணத்தின் முன்பணத்தை வைத்து மூடினேன். அது போதாத மாதங்களில் கிரெடிட் கார்டு. பேங்கில் பணம் இருந்ததால் கடை நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் பார்த்தது இன்னும் சமைக்காத சாப்பாட்டின் காசு. ஆர்டர் கூடிக்கொண்டே போனவரை பள்ளம் தெரியவில்லை. இரண்டு மாதம் ஆர்டர் குறைந்ததும் அடி தெரிந்துவிட்டது.

நோட்டுப் புத்தகத்தில் கடைசியாக வந்த கணக்கு இது: இரண்டு கார்டுகளில் 24,000, தனிநபர் கடன் 30,000, இறைச்சிக் கடை பாய்க்கு 3,200, காய்கறிக்காரருக்கு 1,500. அதற்குமேல் நான்கு கல்யாண வீட்டாரின் முன்பணம் 11,400. பேங்கில் இருந்தது 1,900. கடை என் சொந்தப் பெயரில் பதிவு செய்த எண்டர்பிரைஸ் என்பதால் கடைக்கடன் வேறு, என் கடன் வேறு என்று பிரித்துப் பேச வழியில்லை. எல்லாம் என் தலைமேல்தான்.

முதலில் தீர்க்க வேண்டியது பேங்கை அல்ல, கல்யாண வீடுகளை. பேங்க் வட்டி போட்டுக்கொண்டு காத்திருக்கும். முகூர்த்தத் தேதி காத்திருக்காது. மேரு பக்கம் பெரிய அளவில் கேட்டரிங் செய்யும் ஓர் அண்ணனிடம் போனேன். ஒரு காலத்தில் அவருடைய ஆர்டர்களைக் குறைந்த விலை சொல்லிப் பறித்தவன் நான், அதை அவரும் மறந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். நான்கு கல்யாணங்களையும் நான் பேசிய விலைக்கே அவர் எடுத்துக்கொண்டார். மீதிப் பணத்தை வீட்டார் அவரிடம் கொடுப்பார்கள். நான் விழுங்கிய முன்பணத்தில் தன் லாபத்தை விட்டுக்கொடுத்து, 9,000 வெள்ளியை மட்டும் என் கணக்கில் எழுதினார்.

"காசா வேணாம்பா. சனி, ஞாயிறு வந்து அடுப்படியில நில்லு. ஒரு நாளைக்கு நூத்தம்பது கழிச்சிக்கிறேன்."

அறுபது நாள். ஏழு மாதத்து வாரக்கடைசிகள். முதலாளியாக இருந்தவன் இன்னொருவர் அடுப்படியில் வெங்காயம் உரிப்பதைப் பார்க்க வந்த பழைய வாடிக்கையாளர்களும் உண்டு. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. நான்கு கல்யாணங்களிலும் சாப்பாடு நேரத்துக்குப் போனது.

என் இரண்டு வேலையாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சொக்சோவோடு வேலைக் காப்புறுதித் திட்டச் சந்தாவையும் ஒழுங்காகக் கட்டியிருந்தேன். அதனால் வேலை போனதும் பெர்கேசோவிடம் விண்ணப்பித்து, முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்த தொகை என்று வாங்கினார்கள். வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அது தெரியாமல் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். முதலாளியான எனக்கு அந்த உதவி கிடையாது.

அடுத்தது பேங்க். நான் செய்த பெரிய தவறு, ஏ.கே.பி.கே.வுக்குத் தாமதமாகப் போனது. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பேங்குகளுடன் பேசி, எல்லாத் தவணைகளையும் நாம் கட்டக்கூடிய ஒரே தவணையாக மாற்றித் தருகிறார்கள். அங்கே போனால் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, கடையை மூடுவதற்கு முன் பத்து மாதம் ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். 18 விழுக்காடு வட்டியில் 24,000-க்கு மாதம் 360 வெள்ளி வட்டி மட்டும் ஏறும். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காடு, அதாவது 1,200 கட்டிவிட்டு, அதே வாரம் ஆயிரத்தைத் திரும்ப எடுத்தால் கடன் எப்படிக் குறையும்?

கடையை மூடிய கையோடு போய் நின்றபோது அங்கிருந்த ஆலோசகர் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாச வருமானம் எவ்வளவு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுச் செலவு போக மாதாமாதம் ஏதாவது மிச்சம் இருப்பவருக்குத்தான் அந்தத் திட்டம் பொருந்தும். மிச்சமே இல்லாதவருக்கு எதை வைத்துத் தவணை போடுவது? ஆக, முதல் படி வேலை. எந்த வேலையானாலும் சரி. மீண்டும் சொந்தத் தொழில்தான் என்ற வீம்பில் நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன். ஆகஸ்டில் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. சந்தாக்கள் போகக் கையில் 2,380 வெள்ளி.

மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளோடு மறுபடி போனேன். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால், வாடகை, சாப்பாடு, பள்ளிச் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் போக மாதம் 1,180 மிஞ்சியது. அதுவரை பேங்குகள் என்னிடம் எதிர்பார்த்தது மாதம் 1,900-க்கும் மேல். திட்டத்தில் அது 790 ஆனது, 84 மாதத்துக்கு. கூட்டிப் பார்த்தால் 54,000-க்கு 66,360 கட்டுகிறேன். சும்மா கிடைக்கும் சலுகை அல்ல. இரண்டு கார்டுகளும் ரத்தாகிவிட்டன. சிசிரிஸ் அறிக்கையில் நான் இத்திட்டத்தில் இருப்பது தெரியும், முடியும்வரை புதுக் கடன் என்ற பேச்சே இல்லை. அந்தக் கதவு மூடியிருப்பது எனக்கு நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பாயும் காய்கறிக்காரரும் இந்தத் திட்டத்தில் வரமாட்டார்கள். அது பேங்குக் கடனுக்கு மட்டும்தான். பாய் கடைக்கு நேரில் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஓடிப்போகாம வந்து நிக்கிற. மாசம் எவ்வளவு, எந்தத் தேதி, அத மட்டும் சொல்லு தம்பி" என்றார்.

ரோஷத்தில் மாதம் 290 தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காய்கறிக்காரருக்கு 100. மிச்சம் 390, அப்படியே போனது. கணக்குச் சரியாக இருக்கிறது என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "சரி, ஒரு டயர் வெடிச்சா?" என்றாள். நான் சிரித்தேன்.

மூன்று மாதம்தான். 2024 மார்ச்சில் மோட்டார் சைக்கிள் இன்ஜின் போய்விட்டது. 850 வெள்ளி. மோட்டார் இல்லாமல் அதிகாலை ஐந்து மணிக்கு ஷா ஆலாம் போக முடியாது, வேலை போனால் தவணையும் போகும். மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, 900 வெள்ளிக்கு, மாதம் 2 விழுக்காடு வட்டி. ஆறாம் மாதம் வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்தோம். மீட்க ஒரு வருடம் ஆனது, 900-க்கு 1,116 வெள்ளி கொடுத்தோம்.

அன்றே பாயிடம் திரும்பப் போய், "200தான் முடியும் பாய், அவசரப்பட்டு அதிகமா சொல்லிட்டேன்" என்றேன். கடனை ஒப்புக்கொள்ளப் போனதைவிட அன்று போனதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. மாதம் மிஞ்சிய 90 வெள்ளி ஒரு மில்லோ டின்னுக்குள் போனது. முதலில் சங்கிலிக்கு, சங்கிலி வந்த பிறகு ஆபத்துக்கு. பாயின் கடன் சென்ற வருடம் தீர்ந்தது. அவருக்குப் போன 200 இப்போது அதே டின்னுக்குப் போகிறது. 1,000 வெள்ளி சேரும்வரை வேறு எதையும் தொடக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

டின் நிறைந்த பிறகுதான் மறுபடி அடுப்பு பற்றவைத்தேன். உணவு கையாளுவோர் பயிற்சி, டைபாய்டு ஊசி, தொழில் பதிவு எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு, வாரத்துக்கு ஒரே ஒரு சின்ன ஆர்டர். பிறந்தநாள், காதுகுத்து, பதினாறாம் நாள் சாப்பாடு. எண்பது பேருக்கு மேல் எடுப்பதில்லை. முன்பணத்துக்குத் தனிக் கணக்கு, அதன் அட்டை என்னிடம் இல்லை, மனைவியிடம் இருக்கிறது. சந்தைக்குப் போகும் நாளில்தான் எடுப்போம். மீதிப் பணம் விருந்துக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளித்து வேறு ஆளைத் தேடிப்போனவர்களும் உண்டு. அறுபது பேருக்கு 25 வெள்ளி என்றால் 1,500. பொருளுக்கு 900, இரண்டு கையாளுக்கு 200, கேஸ், பெட்ரோல் 80. மிச்சம் 320. அந்த 320 மட்டும்தான் என் காசு.

போன மாதம் 24-ஆவது தவணையைக் கட்டினேன். அதே வாரம் ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம், 350 பேர், முன்பணம் 4,000 வெள்ளி இன்றே அனுப்புகிறேன் என்றார். மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேரு அண்ணனின் எண்ணை அவருக்குக் கொடுத்தேன். அன்று மாலை அண்ணனே போன் பண்ணி, "அந்தக் கல்யாணத்துக்கு அடுப்படிக்கு ஆள் வேணும், வர்றியா? இந்தத் தடவ கழிக்க மாட்டேன், கையில தர்றேன்" என்றார்.

சனிக்கிழமை காலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.