எண்ணெய் குறையவில்லை... வாசனை மட்டும் எங்கே போனது?

ஊதுபத்திப் புகை மாமியாருக்கு இருமலைக் கிளப்புகிறது என்பதால், கோவையைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஒருவர் ஹாலில் ரீட் டிஃப்யூசர் வாங்கி வைத்தார். முதல் வாரம் வீடே எலுமிச்சைப்புல் மணத்தது. மூன்றாவது வாரம், "என்னம்மா, எண்ணெய் அப்படியே இருக்கு, வாசனையை மட்டும் காணோமே?" என்றார் மாமியார்.

அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எண்ணெய் வேகமாகக் குறைந்து வாசனை போயிருந்தால், ஃபேன் காற்றோ வெயிலோ அதை ஆவியாக்கியிருக்கும். எண்ணெய் குறையாமலே வாசனை போயிருந்தால், அது குச்சியில் ஏறவில்லை என்று அர்த்தம்.

நல்ல டிஃப்யூசர் குச்சி பிரம்பில் செய்யப்படுகிறது. பிரம்புக்குள் நுண்ணிய குழாய்கள் அடியிலிருந்து நுனிவரை தடையில்லாமல் ஓடுகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றில் எண்ணெய் ஏறி, மேலே ஆவியாகிறது. மூங்கில் குச்சி பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், கணுக்கள் வழியை அடைத்துவிடும். பிரம்பிலும் நாளாக ஆக தூசியும் பிசுக்கும் அடைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழைக் குச்சிகள் அவ்வளவு சீக்கிரம் அடைபடுவதில்லை.

இந்த வீட்டில் நடந்தது வேறு. அளவு கொஞ்சம் குறைந்ததும், மருமகள் தேங்காய் எண்ணெயை ஊற்றி நிரப்பியிருந்தார். அது கெட்டியானது, மெதுவாகத்தான் ஏறும், ஏறினாலும் ஆவியாகாது. குச்சியின் துளைகளில் அப்படியே தங்கிவிடும். தொட்டுப் பார்த்தபோது குச்சிகளின் மேல்பாதி காய்ந்திருந்தது.

குச்சிகளையும் எண்ணெயையும் மாற்றினார்கள். மெழுகுவத்தி செய்யும் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் மெல்லிய டிஃப்யூசர் பேஸ் 75 மில்லி, வாசனை எண்ணெய் 25 மில்லி. கலவை தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினாலோ, இரண்டு அடுக்காகப் பிரிந்தாலோ அந்த ஜோடி ஒத்துவரவில்லை. புதுக் குச்சி ஒன்றை நிறுத்தி, மறுநாள் ஈரம் மேல்வரை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றவற்றையும் வைத்தார்கள்.

எலுமிச்சைப்புல், ஆரஞ்சு போன்றவை சீக்கிரம் ஆவியாகும். அறையின் மறுமூலைக்கும் எட்டும், ஆனால் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான். வெட்டிவேர், சந்தனம் மெதுவாக ஆவியாகும்; பல நாள் நிற்கும், ஆனால் பக்கத்தில் போனால்தான் தெரியும். இரண்டையும் கலந்தால் தூரமும் கிடைக்கும், நாளும் கிடைக்கும்.

வாரம் ஒருமுறை குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பினால் ஊறிய முனை மேலே வந்து மணம் கூடும். எண்ணெயும் வேகமாகச் செலவாகும். அடைபட்ட குச்சிக்கு இது ஓரிரு நாள்தான் உதவும். ஒவ்வொரு முறை எண்ணெயை மாற்றும்போதும் குச்சிகளையும் மாற்றுவது நல்லது.

மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்குச் சில வாசனைகளும் ஒத்துக்கொள்ளாது. அந்த வீட்டில் இரண்டு குச்சியில் தொடங்கினார்கள். மாமியாருக்கு இருமல் வரவில்லை என்று தெரிந்தபிறகே ஆறாக்கினார்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன், அரை மணி நேரம் வெளியே போய்விட்டு வந்து முகர்ந்து பாருங்கள். ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். திரும்பி வந்ததும் வாசனை தெரிந்தால், டிஃப்யூசரில் குறையில்லை.