சும்மா இருக்க முடியாத குதிரை

செஸ் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் குதிரைக் கட்சி. எகிறித் தாண்டும், எதிர்பாராத இடத்திலிருந்து செக் வைக்கும். பிஷப் என்ன, சாய்வாகப் போகும், அவ்வளவுதானே.

போன வருடம் ஒரு வார இறுதிப் போட்டியில் எதிரே பத்து வயதுப் பையன். இரண்டு பேருக்கும் ஆறு சிப்பாய், ஒரு யானை. அவனிடம் வெள்ளைக் கட்ட பிஷப், என்னிடம் குதிரை. யானைகளை வெட்டிக்கொண்டால் டிராதான் என்று நானே போய் வெட்டக் கொடுத்தேன். தோற்ற பிறகு, "அங்கிள், யானையை மாத்தியிருக்கக் கூடாது" என்றான் ரொம்ப மரியாதையாக.

வீட்டுக்கு வந்து 1971-இல் வான்கூவரில் ஃபிஷரும் தைமனோவும் ஆடிய நான்காவது ஆட்டத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். அங்கேயும் யானைகள் வெட்டுப்பட்டு, ஃபிஷரிடம் வெள்ளைக் கட்ட பிஷப், தைமனோவிடம் குதிரை. ராஜா பக்கம் மூன்றுக்கு மூன்று, ராணி பக்கம் மூன்றுக்கு மூன்று. கணக்கில் சமம்தான். ஆனால் ராஜா பக்கம் தைமனோவின் சிப்பாய்கள் f5, g6, h5 என்று வெள்ளைக் கட்டத்திலேயே நிற்கின்றன. பிஷப்புக்கு இலை போட்ட மாதிரி.

பிஷப் தூரத்திலிருந்தே g6-ஐ மிரட்டுகிறது. அதைக் காக்கக் குதிரை e7-க்கு வந்தாக வேண்டும். அதற்குள் ஃபிஷரின் ராஜா மறுபக்கம் a6 வரை நடந்துவிட்டது. அங்கே b6 சிப்பாயைக் காக்க தைமனோவின் ராஜா c7-இல். இரண்டு பக்கமும் காவல் இருக்கிறது, எதுவும் விழவில்லை.

61-வது நகர்வில் ஃபிஷர் செய்தது ஒன்றுமே இல்லை. பிஷப்பை f7-இலிருந்து e8-க்கு ஒரு கட்டம் தள்ளிவைத்தார். g6 மேல் இருந்த மிரட்டல் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே சாய்கோடு. முறை மட்டும் தைமனோவிடம் போய்விட்டது. குதிரையால் இப்படிச் சும்மா இருக்க முடியாது. எங்கே தாண்டினாலும் தான் காத்த கட்டத்தை விட்டுவிடும். ராஜா விலகினால் b6 போகும். அவர் ராஜாவை d8-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்கினார். ஃபிஷர் பிஷப்பாலேயே g6-ஐ வெட்டினார், குதிரை பிஷப்பை வெட்டியது, ஃபிஷரின் ராஜா b6-ஐயும் அடுத்து c5-ஐயும் தின்றது. குதிரை g6-இல். ஓடப்போகும் சிப்பாய்கள் பலகையின் மறுகோடியில். வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

இதே சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கம் இருந்திருந்தால் குதிரைக்குத் தூரப் பிரச்சினை இல்லை. பிஷப்புக்குத்தான் பாதிக் கட்டம் எட்டாது. அப்படியான ஆட்டங்களை ஆடித்தான் குதிரையை நம்பினேன் போல.

அப்புறம் என் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். g6, h5. இரண்டையும் யாரும் தள்ள வைக்கவில்லை, யானையை மாற்றுவதற்கு முன்னாலேயே நானாகத்தான் தள்ளியிருக்கிறேன்.