மண்டபத்து இன்டர்நெட் மீது பழி போட்டவன் நான்

என் தம்பி மகள் கல்யாணத்தை நேரலையில் காட்டும் பொறுப்பு என்னிடம் இருந்தது. டொராண்டோவில் இருக்கும் அக்காவும், லண்டனில் இருக்கும் பெண்ணின் தாய்மாமனும் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. "மண்டபத்துல நெட் சரியில்லக்கா" என்று சொன்னேன். அது பொய். நெட் நன்றாகவே இருந்தது. அவர்களுக்கு நான் சொன்ன நேரம்தான் தப்பு.

முகூர்த்தம் நவம்பர் இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை காலை 6 மணி முதல் 7.30 வரை. செப்டம்பரில் பத்திரிகை அச்சானதுமே நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், ஆகவே வியாழன் இரவு 8.30. லண்டன் நாலரை மணி பின்னால், வெள்ளி அதிகாலை 1.30. மெல்போர்ன் நாலரை மணி முன்னால், காலை 10.30. சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால், காலை 8.30. தேதி மாறுவதைக்கூடக் கவனித்துவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமை வேறு.

செப்டம்பரில் அந்தக் கணக்கு சரி, நவம்பரில் தப்பு. லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும், டொராண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுகிறார்கள். மெல்போர்னில் அதற்கு நேர்மாறு: அக்டோபர் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள். நம் ஊரிலும் சிங்கப்பூரிலும் இந்த வழக்கமே இல்லை. ஆகவே என் தாளில் உருப்பட்டது சிங்கப்பூர் மட்டும்.

மெல்போர்னில் இருக்கும் இன்னொரு தம்பி இந்திய நேரம் ஐந்து மணிக்கே வந்து, ஒன்றும் ஓடாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாலி ஏறியது 6.50க்கு. அக்காவும் தாய்மாமனும் சொன்ன நேரம் தவறாமல் உள்ளே வந்தார்கள். அப்போது இங்கே மணி ஏழு. பெண்ணும் மாப்பிள்ளையும் அக்னியைச் சுற்றி முடித்திருந்தார்கள். என் கணக்கைச் சரிபார்க்க லண்டனில் யாராவது ஒருவரிடம் "நவம்பர்ல உங்களுக்கு எத்தனை மணி?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. எங்கள் சித்தி மகன் அப்போதே சொன்னான்: "யூடியூப்ல நேரத்தை முன்னாடியே குறிச்சு வைங்கண்ணா, லிங்க்கை மட்டும் அனுப்புங்க." அப்படிக் குறித்து வைத்தால் முகூர்த்தத்துக்கு வாரங்கள் முன்பே ஒரு காத்திருப்புப் பக்கம் உருவாகும். அதைத் திறப்பவருக்கு அவரவர் ஊர் நேரமே தெரியும்; கடிகார மாற்றத்தையும் சேர்த்துத்தான். நினைவூட்டலும் வைத்துக்கொள்ளலாம். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கவும் வழி உண்டு. சின்னப் பையன் சொல்லி நான் கேட்பதா என்று இருந்துவிட்டேன். அன்று காலை கேமரா வைத்த பிறகுதான் லிங்க்கே அனுப்பினேன்.

சரியான நேரத்தைச் சொல்லியிருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம்தான். பத்திரிகையில் இருப்பது ஒன்றரை மணி நேர இடைவெளி. தாலி அதற்குள் எப்போது ஏறும் என்பது ஐயர் கையில். லண்டனில் நள்ளிரவில் கண் விழித்திருப்பவரை அவ்வளவு நேரம் உட்கார வைப்பது நியாயமில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இதற்கு ஒரு அடையாளம் உண்டு: பெண் கூறைப் புடவை மாற்ற உள்ளே போகும் நேரம். அவள் திரும்பி மணையில் உட்கார்ந்த பிறகு தாலிக்கு அதிக நேரம் ஆகாது. அவள் எழுந்து போனதும் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும், தூங்கி வழிகிறவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். நான் அந்த நேரம் மேடையோரம் கேமராவில் கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பிறகு பதிவைப் பார்த்தாள். "கெட்டிமேளம் கேட்டப்போ இங்க சமையல்கட்டுல நின்னுட்டிருந்திருக்கேன்டா" என்று மட்டும் சொன்னாள். நான் மறுபடியும் நெட்டைத் திட்டினேன். என் பேச்சை நம்பித் தம்பி மண்டப மேனேஜரிடம் சண்டைக்கே போய்விட்டான். அந்த மனிதர் எதுவும் புரியாமல் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்து தை மாதம் சித்தி மகனுக்குக் கல்யாணம். நேரலைப் பொறுப்பை அவனே வைத்துக்கொண்டான். அக்காவிடம் இந்த உண்மையை இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. அக்கா, திட்டுவதென்றால் என்னைத் திட்டு. மண்டபத்துக்காரரை விட்டுவிடு.